சம்பளம் கூடுதலா வந்துடுச்சு, இப்போ பிடிக்கறாங்க: எப்பவும் கேக்கற கேள்விகள்

பதினாலு வருஷமா பேரோல் பாக்கறேன், ஃபேக்டரி வேலை தான், அதுல மாசம் ஒருத்தராவது "சார் போன மாசம் சம்பளம் கூடுதலா போட்டீங்களாம், இப்போ மொத்தமா பிடிச்சுட்டீங்களே"ன்னு பேஸ்லிப்பை நீட்டிட்டு வந்து நிப்பாங்க. இந்தப் பக்கம் ஹெச்ஆர் பொண்ணுங்களும் அதே சந்தேகத்தோட வருவாங்க, எவ்வளவு பிடிக்கலாம், எதைக் கணக்குல எடுக்கணும்னு. ரெண்டு பக்கமும் கேட்டதை ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா வாய் வலி மிச்சம்னு தான் இது. எல்லாமே இந்தியாவுல தனியார் வேலைக்கு, அரசு வேலை பத்தி கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கு.

தப்பு பண்ணது கம்பெனி, நான் ஏன் திருப்பித் தரணும்?

கோவம் நியாயம் தான், ஆனா பணம் உங்களுது ஆகாது. தப்பா கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தரணும்னு 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே 72வது பிரிவுல இருக்கு, கடைக்காரர் நூறு ரூபாய் நோட்டுக்குப் பதிலா ஐநூறு சில்லறை கொடுத்துட்டா நாம என்ன பண்ணுவோமோ அதே கதை. சம்பளத்துலயே பிடிச்சுக்கவும் சட்டம் வழி விட்டிருக்கு. முன்னாடி 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்துல இருந்துச்சு, இப்போ 2025 நவம்பர் 21ல இருந்து நடைமுறைக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்துல 18வது பிரிவுல இருக்கு, எதுக்கெல்லாம் பிடிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டு அதுல கூடுதலா கொடுத்த சம்பளத்தை சரிக்கட்டறதும் ஒண்ணு.

கம்பெனி தப்புங்கறதால உங்களுக்குக் கிடைக்கற சலுகை வேற இடத்துல இருக்கு. எவ்வளவு வேகமா பிடிக்கறது, எந்த மாசம் விடறதுன்னு பேசும்போது அந்தத் தப்பை எடுத்து மேஜைல வைங்க, அங்க தான் அதுக்கு மதிப்பு.

ஒரே மாசத்துல மொத்தமா பிடிக்கலாமா? கைக்கு எவ்வளவு விடணும்?

ஒரு மாசச் சம்பளத்துல எல்லாப் பிடித்தமும் சேர்த்து பாதிக்கு மேல போகக்கூடாது, 50 சதவீதம். மிச்சப் பாதி உங்க கைக்கு வந்தே ஆகணும். பாதிக்குள்ள அடங்காதது அடுத்தடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போகும், அந்த மாசத்துலயும் அதே பாதிக் கணக்கு தான்.

இதுல ரெண்டு பேர் ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. ஹெச்ஆர்ல சிலர் "கூடுதல் தொகைக்கு மட்டும் பாதி வரைக்கும் பிடிக்கலாம்"னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, பிஎஃப், இஎஸ்ஐ, டாக்ஸ், கேன்டீன், சொசைட்டி லோன், அட்வான்ஸ் எல்லாம் போக அந்தப் பாதிக்குள்ள என்ன இடம் மிச்சம் இருக்கோ அவ்வளவு தான் பிடிக்க முடியும். தொழிலாளிங்க பக்கம் சிலர் "எனக்கு பன்னிரண்டாயிரம் கேரண்டி"ன்னு ஒரு ரூபாய்க் கணக்கு வெச்சிருக்காங்க, சட்டத்துல அப்படி ரூபாய் கணக்கு கிடையாது, அந்த மாசம் சம்பளம் எவ்வளவோ அதுல பாதி, சம்பளம் கொறஞ்சா பாதியும் கொறையும்.

பாதின்னா எதுல பாதி? பேசிக்லயா, கிராஸ்லயா, கைக்கு வர்றதுலயா?

கைக்கு வர்றதுல இல்ல, அது நிச்சயம். பிடிக்கறதுக்கு முன்னாடி இருக்கற ஊதியத்துல. புதுச் சட்டத்துல "ஊதியம்"னா பேசிக், டிஏ மட்டும் தான், வீட்டு வாடகைப் படி எல்லாம் வெளியன்னு எல்லாரும் பேசறாங்க, அது பிஎஃப், கிராஜுவிட்டிக்கு பெரும்பாலும் சரி. ஆனா அதே வரையறைலயே ஒரு விலக்கு இருக்கு, சம்பளப் பட்டுவாடாவுக்குப் பாக்கும்போது வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம் இதெல்லாம் உள்ள சேரும். அதனால சாதாரண ஃபேக்டரி பேஸ்லிப்ல மேல இருக்கற கிராஸ் தொகைய வெச்சே பாதி போட்டுக்கலாம், பெருசா மாறாது. போனஸை மட்டும் அதுல சேர்க்காதீங்க, அது ஊதியத்துக்குள்ள வராது.

சார் ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன், தலை சுத்துது

என் மேஜைக்கு வந்த ஒரு கேஸையே சொல்றேன். மெஷின் ஆபரேட்டர், ஒரு யூனிட்ல இருந்து இன்னொரு யூனிட்டுக்கு மாத்தலாகி வந்தாரு, பழைய யூனிட்ல நைட் ஷிஃப்ட்டுக்கு மாசம் 3,000 படி இருந்துச்சு, இங்க நைட் ஷிஃப்ட்டே கிடையாது, ஆனா பேரோல் சாஃப்ட்வேர்ல அவர் பேருல இருந்த அந்தப் படியை யாரும் எடுக்கல. ஆறு மாசம் போச்சு, 18,000 கூட. ஏழாவது மாசம் ஆடிட்ல தெரிஞ்சு யாரோ 18,000த்தை அப்படியே ஒரே மாசப் பிடித்தத்துல போட்டுட்டாங்க, பேஸ்லிப்ல நெட் பே மைனஸ்ல வந்து சாஃப்ட்வேர் அதைப் பூஜ்யம்னு காட்டுச்சு. மனுஷன் அதைக் கையில வெச்சுட்டு ஒண்ணும் பேசாம நின்னாரு, எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

அவரோட சரியான கிராஸ் 24,000. பாதி 12,000. ஏற்கனவே போயிட்டிருந்தது பிஎஃப் 1,800, கேன்டீன் 600, சொசைட்டி லோன் 5,500, சம்பள அட்வான்ஸ் 3,000, மொத்தம் 10,900. அப்போ இடம்:

```
24,000 × 50% = 12,000
12,000 − 10,900 = 1,100
```

மாசம் 1,100 தான் எடுக்க முடியும். ஆனா அட்வான்ஸ் இன்னும் மூணு மாசத்துல முடியுது, அதுக்கப்புறம் இடம் 4,100 ஆகுது. மூணு மாசத்துக்கு 1,100, ஆக 3,300. அடுத்த மூணு மாசத்துக்கு 4,100, அது 12,300. ரெண்டும் சேர்ந்து 15,600. ஏழாவது மாசம் மிச்சம் 2,400. இந்தத் திட்டப்படி ஒவ்வொரு மாசமும் அவர் கைக்கு 12,000 வரும், கடைசி மாசம் 13,700. ஒரே மாசத்துல முடிக்கப் பாத்தது ஏழு மாசத் திட்டம் ஆச்சு, ஆனா வீட்டுல அடுப்பு அணையல.

மாசாமாசம் எனக்கு பேங்க்ல பைக் இஎம்ஐ 7,000 போகுது, அதையும் அந்தப் பாதில சேர்ப்பாங்களா?

சேர்க்க மாட்டாங்க. கம்பெனி சம்பளத்துல பிடிக்கறது மட்டும் தான் கணக்கு, சம்பளம் அக்கவுன்ட்ல விழுந்த பிறகு பேங்க் எடுத்துக்கறது சட்டத்தோட கண்ணுல உங்க சொந்தச் செலவு. மேல சொன்ன ஆபரேட்டருக்கும் 12,000 வந்த அடுத்த நாளே அஞ்சாயிரம் வாடகை போயிடும்.

ஆனா இங்க ஒண்ணு கவனிங்க. 50 சதவீதம்ங்கறது மேல்வரம்பு தான், கட்டாயமா அவ்வளவு பிடிக்கணும்னு யாரும் சொல்லல. மாசம் 4,100 பிடிக்க இடம் இருந்தாலும் 2,000 போதும்னு கம்பெனி ஒத்துக்கலாம். அதனால எழுதிக் கேளுங்க, வாடகை இவ்வளவு, இஎம்ஐ இவ்வளவு, அதனால மாசம் இவ்வளவுக்கு மேல முடியாதுன்னு ஒரு பக்கத்துல. வாயால சொன்னா மேனேஜர் மாறினதும் போச்சு. நான் பாத்த வரைக்கும் தொகையும் மாசமும் போட்டுக் கேக்கறவங்களுக்குக் கிடைக்குது, "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்"னு கேக்கறவங்களுக்குக் கிடைக்கறதில்ல.

எங்க பேஸ்லிப்ல பிடித்தம்னு ஒண்ணும் இல்ல, ஆனா கிராஸே கொறஞ்சு வருது. இது சரியா?

இது தான் நான் அதிகமா சண்டை போடற விஷயம். சில பேரோல் ஆளுங்க பிடித்தப் பக்கத்துல போடாம, வருமானப் பக்கத்துல மைனஸ் அரியர்னு போட்டுடுவாங்க. சாஃப்ட்வேர்ல ஈஸி. ஆனா அப்படிப் போட்டா ரெண்டு விஷயம் கெட்டுப் போகும். ஒண்ணு, 50 சதவீதச் செக் சாஃப்ட்வேர்ல பிடித்தப் பக்கத்தை மட்டும் தான் பாக்கும், மைனஸ் அரியர் அதுல மாட்டாது, வரம்பைத் தாண்டிப் போனாலும் எச்சரிக்கையே வராது. ரெண்டு, அந்த வரிய பேசிக்கோட கட்டி வெச்சிருந்தா இந்த மாச பிஎஃப்பும் சேர்ந்து குறையும், பிஎஃப் குறையணும்னு யாரும் முடிவே பண்ணிருக்க மாட்டாங்க.

நம்ம ஆபரேட்டர் கேஸ்ல அப்படிப் போட்டிருந்தா முதல் மாசம் கிராஸ் 6,000ன்னு வந்திருக்கும், பிடித்தம் 10,900, அப்புறம் சாஃப்ட்வேர் சொசைட்டி லோனையும் தள்ளி விட்டிருக்கும், அவருக்கு அங்க வட்டி ஏறியிருக்கும். பேஸ்லிப்ல இருக்க வேண்டியது: கிராஸ் வழக்கம் போல முழுசா, பிடித்தப் பக்கத்துல "கூடுதல் சம்பளம் மீட்பு"ன்னு தனி வரி, முடிஞ்சா பக்கத்துல இன்னும் எவ்வளவு பாக்கின்னு. கிராஸ் உங்களுக்குப் புரியாத மாதிரி கொறஞ்சா அன்னைக்கே கேளுங்க, மூணு மாசம் கழிச்சு இல்ல.

பிடிக்க ஆரம்பிச்ச பிறகு நடுவுல லீவு போட்டு சம்பளம் கொறஞ்சா?

அந்த மாசத்துக்கு வேற கணக்கு. ஆபரேட்டரோட அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்தப்போ, அது பிடித்தம் ஓடற ஆறாவது மாசம், பத்து நாள் சம்பளமில்லா லீவு. முப்பது நாள் மாசத்துல இருபது நாளுக்கு வந்தது 16,000, பாதி 8,000. பிஎஃப் 1,200 ஆச்சு, ஏன்னா அவரோட பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000, அதுல இருபது நாளுக்கு 10,000. கேன்டீன் 600, சொசைட்டி 5,500, மொத்தம் 7,300. அப்போ இடம் 700 தான், வழக்கமான 4,100 இல்ல. சாஃப்ட்வேர்ல மாச இன்ஸ்டால்மென்ட்னு நிலையா 4,100 போட்டு வெச்சிருந்தா அது பாட்டுக்கு எடுத்திருக்கும், இது தான் வழக்கமா நடக்கற விபத்து.

லீவுல போன சம்பளத்தையே ஒரு பிடித்தமா எண்ணி 50 சதவீதத்துக்குள்ள கொண்டு வரணுமான்னு வாதம் பண்றவங்களும் இருக்காங்க, ஏன்னா வேலைக்கு வராததுக்குப் பிடிக்கறதும் அதே 18வது பிரிவு லிஸ்ட்ல தான் இருக்கு. பெரும்பாலான பேரோல்ல வேலை செஞ்ச நாளுக்கு வந்த சம்பளத்துல பாதி போடறாங்க. எனக்கு அந்த 700 ரூபாய்க்காக அந்த வாதத்துக்குள்ள போக இஷ்டமில்ல, அந்த மாசம் மீட்பை நிறுத்தி வெச்சேன். ஏழாவது மாசம் மறுபடி 4,100, எட்டாவது மாசம் 2,400, முடிஞ்சுது. கம்பெனிக்கு ஒரு மாசம் லேட், அவ்வளவு தான்.

ஏற்கனவே பாதிக்கு மேல பிடித்தம் இருக்கே, சொசைட்டில 75 சதவீதம் வரைக்கும் போகலாம்னு சொன்னாங்களே?

பழைய சட்டத்துல கூட்டுறவு சொசைட்டிப் பிடித்தம் இருந்தா 75 சதவீதம் வரைக்கும் போகலாம்னு இருந்துச்சு, உண்மை. புது ஊதியத் தொகுப்புல அந்த விலக்கு இல்ல, எல்லாருக்கும் 50 தான். பழைய 75ஐ செட்டிங்ல இன்னும் வெச்சிருக்கற சாஃப்ட்வேர்ங்க இருக்கு, ஹெச்ஆர்ல இருக்கவங்க ஒரு தடவை திறந்து பாருங்க. இன்னொண்ணு, பழைய சட்டம் மாசம் 24,000 வரைக்கும் வாங்கறவங்களுக்கு மட்டும் தான், புதுசுல அந்த வரம்பும் போயிடுச்சு, சூப்பர்வைசர், மேனேஜர் எல்லாருக்கும் பாதி பாதி தான்.

ஏற்கனவே பாதி நிரம்பிட்டா கூடுதல் சம்பள மீட்புக்கு அந்த மாசம் இடமே இல்ல, பூஜ்யம். பிஎஃப், டாக்ஸ், கோர்ட் ஆர்டர் இதெல்லாம் கம்பெனி நிறுத்த முடியாது. கம்பெனி கைல இருக்கறது தன் தப்பால வந்த இந்த மீட்பு ஒண்ணு தான், அதனால வரிசைல கடைசில நிக்க வேண்டியது அது தான்னு என் கருத்து.

டாக்ஸ் போக எனக்கு வந்தது கொஞ்சம், ஆனா கிராஸ் தொகையக் கேக்கறாங்க, நான் கைக்காசு போடணுமா?

ஒரே நிதியாண்டுக்குள்ள முடிஞ்சா போட வேண்டாம், ஆனா கம்பெனி ஒரு வேலை பண்ணணும். 40,000 கூட வந்து அதுல 8,000 டிடிஎஸ் போயிருக்குன்னு வெச்சுக்கோங்க, கைக்கு வந்தது 32,000. 40,000 திருப்பிப் பிடிச்சா வருஷச் சம்பளக் கணக்குலயும் அந்த 40,000 குறையணும், அப்போ மிச்ச மாசங்கள்ல டிடிஎஸ் 8,000 கொறஞ்சு வந்து சமமாகும். மேல சொன்ன மாதிரி பிடித்தப் பக்கத்துல தனி வரியா போடறப்போ சாஃப்ட்வேர் அதை வருஷக் கணக்குல தானா குறைக்காது, டாக்ஸ் பாக்கறவர் தனியா மாத்தணும். இதை யாரும் செய்யலன்னா அந்த 8,000 உங்க தலைல.

மார்ச் 31 தாண்டிப் போச்சுன்னா தான் சிக்கல், ஏன்னா வராத பணத்துக்கும் போன வருஷக் கணக்குல டாக்ஸ் நிக்கும். கம்பெனி டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தி உங்க சர்டிஃபிகேட்டைச் சரி பண்ணித் தருமான்னு முதல்லயே கேட்டு வாங்கிக்கோங்க. தர மாட்டேன்னா 32,000 தான் திருப்புவேன்னு பேசறது நியாயமான பேச்சு தான். டாக்ஸே வராத சம்பளக்காரங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல.

வட்டி போடுவாங்களா? என் கையெழுத்து வேணுமா?

வட்டி போடறதுக்கு இது கடன் இல்ல, நீங்க கேட்டு வாங்கல. சட்டத்துல வட்டின்னு பேசறது அட்வான்ஸ், லோனுக்கு. கையெழுத்து இல்லாமலே சரிக்கட்ட சட்டம் விடுது, ஆனா நான் லெட்டர் இல்லாம ஒரு ரூபாய் கூட எடுக்கறதில்ல. லெட்டர்ல எந்தெந்த மாசம் எந்த வரில எவ்வளவு கூட வந்துச்சு, மொத்தம் எவ்வளவு, எந்த மாசத்துல இருந்து எவ்வளவு பிடிக்கப் போறோம்னு இருக்கணும். வாங்கறவர் பழைய பேஸ்லிப்போட ஒத்துப் பாக்கணும். ஒரு தடவை நாங்க ஆறு மாசம்னு சொன்ன கேஸ்ல அஞ்சு மாசம் தான்னு அவரு பேஸ்லிப்பை எடுத்துட்டு வந்து காட்டினாரு, அவரு சொன்னது சரி.

வேலையை விடறேன், கடைசி செட்டில்மென்ட்ல மொத்தத்தையும் எடுத்துடுவாங்களா?

ராஜினாமா பண்ணா ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளப் பாக்கியக் கொடுக்கணும்னு புதுச் சட்டம் சொல்லுது, அதனால அவசர அவசரமா எல்லாத்தையும் கழிச்சுப் போடற பழக்கம் வந்திருக்கு. கடைசி மாசச் சம்பளத்துக்கும் அதே பாதி வரம்பு தான். பிஎஃப் பணத்துல கம்பெனி கை வைக்கவே முடியாது. கிராஜுவிட்டிலயும் இதுக்காகப் பிடிக்கக்கூடாது, அதை நிறுத்தி வைக்க சட்டம் சொல்ற காரணங்கள்ல பேரோல் தப்பு இல்ல. அப்படியும் மிச்சம் இருந்தா எழுதி வாங்கிட்டு தவணைல கட்டச் சொல்லலாம், இல்ல கோர்ட்டுக்குப் போகணும். பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு யாரும் கோர்ட்டுக்குப் போய் நான் பாத்ததில்ல.

என் மாமா கவர்மென்ட் வேலை, ரிட்டயர் ஆகும்போது லட்சக்கணக்குல பிடிக்கணும்னு ஆர்டர் வந்திருக்கு

அது வேற உலகம், அங்க கேள்வியே வேற, எவ்வளவு மெதுவாங்கறது இல்ல, பிடிக்கலாமா கூடாதாங்கறது. 2014 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு - ரஃபீக் மசீஹ் வழக்குல சில சந்தர்ப்பத்துல திரும்ப வசூலிக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு: சி, டி பிரிவு ஊழியர்கள், ரிட்டயர் ஆனவங்க இல்ல ஒரு வருஷத்துல ஆகப் போறவங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல தப்பா போயிட்டிருந்த பணம், ஊழியரை மேல் பதவி வேலையைத் தப்பா பாக்க வெச்சுட்டு அதுக்குக் கொடுத்த சம்பளம், அப்புறம் பிடிச்சா ரொம்பக் கொடுமையா இருக்கும்னு கோர்ட் நெனைக்கற கேஸ்.

மாமா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பாக்கச் சொல்லுங்க. சம்பள நிர்ணயம் பண்றப்போ "கூட வந்தா திருப்பித் தர்றேன்"னு உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தா வசூலிக்கலாம்னு 2016ல ஜக்தேவ் சிங் வழக்குல அதே கோர்ட் சொல்லிருக்கு, அந்தத் தாள்ல பல பேர் படிக்காமலே கையெழுத்து போட்டிருப்பாங்க. தனியார் வேலைக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிட்டு வந்து காட்டாதீங்க, அங்க பேச வேண்டியது மேல சொன்ன பாதிக் கணக்கு.

பாதிக்கு மேல பிடிச்சுட்டாங்க, சொன்னாலும் கேக்கல. எங்க போறது?

முதல்ல அந்த மாச பேஸ்லிப், அதுக்கு முந்தின மாச பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி கொடுத்த லெட்டர் இதெல்லாம் எடுத்து வைங்க. கம்பெனிக்கு ஒரு மெயில், கிராஸ் இவ்வளவு, பாதி இவ்வளவு, பிடிச்சது இவ்வளவு, அதிகமா போனது இவ்வளவுன்னு நாலு வரி. பாதிப் பேருக்கு இந்த மெயிலுக்கே அடுத்த வாரம் பணம் திரும்ப வந்துடும், ஏன்னா கணக்கு எழுத்துல வந்துட்டா ஹெச்ஆர் தலைவர் வரைக்கும் போகும்.

வரலன்னா தொழிலாளர் துறைல மனு போடலாம், மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. அங்க ஒரு வசதி, சட்டப்படி தான் பிடிச்சோம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டோம்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனி, நீங்க இல்ல. ஆனா மனுல "கூட வரவே இல்ல"ன்னு எழுதிடாதீங்க, கூட வந்தது உண்மைன்னா அதை ஒத்துக்கிட்டு, பிடிச்ச அளவு தான் தப்புன்னு மட்டும் எழுதுங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பினவங்க கேஸ்ல மொத்த நாளும் கூட வந்துச்சா இல்லையாங்கறதுலயே போயிடுச்சு, பாதிக் கணக்கை யாரும் எடுக்கவே இல்ல.